பயிற்சி முடிந்த பன்னிரண்டாம் மாதம்

‘கிராமப்புறப் பெண்கள் 60 பேருக்குத் தையல் பயிற்சி அளித்து, அவர்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தி, சமூகத்தில் தலைநிமிர்ந்து வாழச் செய்தல்.’ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஆண்டுதோறும் போய்ச் சேரும் திட்ட முன்மொழிவுகளில், ‘நோக்கம்’ என்ற தலைப்பின் கீழ் ஏறக்குறைய இதே வாக்கியம்தான் இருக்கிறது. ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், தையலுக்குப் பதில் அழகுக்கலை, ஆரி வேலைப்பாடு, காளான் வளர்ப்பு என்று தொழில் மாறும். வாக்கியம் மட்டும் மாறாது.

இதில் அளந்து பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: 60 பேர் பயிற்சிக்கு வந்தார்களா என்பது. வருகைப் பதிவேடு இருந்தால் போதும், அது நிரூபணமாகிவிடும். வாழ்வாதாரம் மேம்பட்டதா என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், சான்றிதழ் வழங்கும் விழாப் படத்தை இணைத்துப் பதில் சொல்லிவிடலாம். பயிற்சி நடந்தது என்பதையே பயன் கிடைத்தது என்பதாகக் காட்டும் இந்தப் பழக்கம் நிதி கேட்பவர்களிடம் மட்டுமல்ல, கொடுப்பவர்களிடமும் இருக்கிறது. ஆண்டறிக்கையில் ‘பயனடைந்தோர் 60’ என்று போட்டுக்கொள்ள அவர்களுக்கும் அது வசதி.

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள், தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தைப் பெற்றுப் பணியாற்றும் தொண்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் முதல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீடு செய்வதும் கட்டாயமாகியிருக்கிறது. பத்து லட்ச ரூபாய்த் திட்டத்தை அந்த விதி தொடாது. ஆனால், மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்துப் பழகிய அதிகாரிதான் சிறிய முன்மொழிவையும் படிக்கிறார். ‘மேம்படுத்துதல்’ என்ற சொல்லைப் பார்த்தால் எவ்வளவு, எப்போது, எப்படித் தெரியும் என்று கேட்கும் பழக்கம் அவருக்கு மெல்ல வந்துகொண்டிருக்கிறது.

என் பரிந்துரை எளிது. முன்மொழிவைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுத வேண்டும். பயிற்சி முடிந்து பன்னிரண்டாம் மாதத்தில் அந்தப் பெண்ணின் கையில் என்ன இருக்கும் என்ற ஒரு வாக்கியத்தை முதலில் எழுதி, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கி வரவழைக்க வேண்டும். இது எப்படி வேலை செய்யும் என்பதைக் காட்ட, ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஓர் ஒன்றியத்தில், அடுத்தடுத்துள்ள எட்டுக் கிராமங்கள். 60 பெண்கள், 30 பேர் கொண்ட இரண்டு அணிகள், அணிக்கு மூன்று மாதப் பயிற்சி. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் ஊருக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாக்கியத்தில் ஐந்து பிடிகள்

அந்த வாக்கியம் இப்படி இருக்கலாம்: ‘பயிற்சியில் சேர்ந்த 60 பெண்களில் 30 பேர், பயிற்சி முடிந்த பன்னிரண்டாம் மாதத்தில், அதற்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரியாக, செலவு போக மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாமல் தையலில் ஈட்டியிருப்பார்கள்.’

படிக்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. இருக்கட்டும். இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு தப்பிக்கும் வழியை அடைக்கிறது. ‘சேர்ந்த 60 பேரில்’ என்பது முக்கியம். பல அறிக்கைகளில் ‘90 சதவீதம் பேர் வேலை பெற்றனர்’ என்று வரும். நோண்டிப் பார்த்தால், பயிற்சியை முடித்து, தேர்வில் தேறி, அழைத்தபோது தொலைபேசியை எடுத்தவர்களில் 90 சதவீதம் என்று தெரியவரும். இடையில் நின்றவர்கள் கணக்கிலேயே இல்லை. அவர்கள் ஏன் நின்றார்கள் என்பதுதான் திட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தி. ‘செலவு போக’ என்பது அடுத்தது. ரவிக்கைக்கு 130 ரூபாய் வாங்கினால் நூல், கொக்கி, மின்சாரம், எந்திரப் பராமரிப்பு என்று 20 ரூபாய் போய்விடும். ‘மூன்று மாதச் சராசரி’ என்பது ஒரே ஒரு நல்ல மாதத்தைக் காட்டி வெற்றி அறிவிப்பதைத் தடுக்கிறது. ‘பன்னிரண்டாம் மாதம்’ என்பது, சான்றிதழ் வாங்கிய உற்சாகம் அடங்கிய பிறகு எது மிஞ்சுகிறது என்று பார்க்கிறது.

ஐந்தாவது பிடி, ‘30 பேர்’ என்ற எண். ஏன் 60-இல் 30 மட்டும்? நிதி கொடுப்பவர் இதைக் கேட்டால் தயங்காமல் படிகளைக் காட்ட வேண்டும். 60 பேர் சேர்ந்தால் 50 பேர் முடிப்பார்கள். அவர்களில் 44 பேருக்குக் கை வசப்படும். 38 பேருக்கு வீட்டில் எந்திரம் இருக்கும் அல்லது வாங்க வழி பிறக்கும். கல்யாணம், பிரசவம், வெளியூர் வேலை, மாமியார் உடல்நலம் என்று எல்லாம் கழிந்து 30 பேர் ஓராண்டுக்குப் பிறகும் தைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் படிகளை முன்மொழிவிலேயே எழுதிவிட்டால், திட்டம் நடக்கும்போது எந்தப் படியில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்று ஒவ்வொரு மாதமும் பார்க்கலாம். 60 பேரில் 58 பேர் தொழில்முனைவோர் ஆவார்கள் என்று எழுதியவருக்கு அந்த வசதி கிடையாது. மூன்றாவது மாதமே அவர் பொய் சொல்ல ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

குறைவான இலக்கை எழுதினால் நிதி கிடைக்காது என்ற பயம் இருக்கிறது. ஆய்வுகள் சொல்வதைப் பார்த்தால், 30 என்பதே துணிச்சலான எண். டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்களுக்கு ஆறு மாதம் தையல் பயிற்சி அளித்த ஒரு திட்டத்தைப் பொருளியலாளர்கள் புஷ்கர் மைத்ராவும் சுபா மணியும் ஆராய்ந்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சி வாய்ப்புப் பெற்றவர்கள் வேலையில் இருப்பதற்கான வாய்ப்பு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. பலன் பதினெட்டு மாதங்கள் வரை நீடித்தது. இதை நல்ல முடிவு என்றுதான் துறையினர் பார்க்கிறார்கள். உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, வளரும் நாடுகளின் தொழிற்பயிற்சித் திட்டங்களை அதே ஆண்டு தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற நூறு பேரில், பயிற்சி இல்லாவிட்டால் வேலை கிடைத்திருக்காது என்று சொல்லத்தக்கவர்கள் சராசரியாக இரண்டு, மூன்று பேர்தான் என்று கண்டார். 60-இல் 30 என்ற கணக்கிலும் பயிற்சி இல்லாமலேயே தைக்கத் தொடங்கியிருக்கக்கூடிய சிலர் இருப்பார்கள். அவர்களை எப்படிப் பிரித்தறிவது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

டெல்லி ஆய்வில் எனக்கு இன்னும் பயன்பட்ட பகுதி வேறு. பயிற்சியை முடிக்கவிடாமல் பெண்களைத் தடுத்தவை எவை என்றும் அவர்கள் பார்த்தார்கள். பயிற்சி மையத்தின் தூரமும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் முன்னால் நின்றன. நம் முன்மொழிவுகளில் நவீன எந்திரங்கள் பற்றி ஒரு பக்கம் இருக்கும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வரி இருக்காது. மாதம் 8,000 ரூபாயில் அதே ஊர்ப் பெண் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தினால், முடிப்பவர்கள் எண்ணிக்கையில் அது செய்யும் மாற்றத்தை இன்னும் இரண்டு எந்திரங்கள் செய்துவிடாது. பயிற்சி நேரத்தைக் காலை பத்தரையிலிருந்து மதியம் இரண்டரை வரை வைப்பதும் இந்த வகைதான். நடவு, அறுப்பு மாதங்களில் அணியைத் தொடங்கவே கூடாது.

எட்டுக் கிராமங்களுக்கு எத்தனை ரவிக்கை வேண்டும்?

இப்போது அந்த வாக்கியத்தைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்துவோம். பெரும்பாலான முன்மொழிவுகள் உடைந்து விழும் இடம் இது.

ரவிக்கைக்குச் செலவு போக 110 ரூபாய் நிற்கிறது என்றால், 3,000 ரூபாய்க்கு மாதம் 28 ரவிக்கை தைக்க வேண்டும். 30 பெண்கள் என்றால் மாதம் 840. எட்டுக் கிராமங்களில் 2,400 குடும்பங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து ரவிக்கை தைக்கக் கொடுக்கிறார்கள் என்று வைத்தால் ஆண்டுக்கு 12,000, மாதம் 1,000. ஏற்கெனவே அங்கே பதினைந்து பேர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் 40 என்றால் 600 ரவிக்கை அவர்களிடம் போய்விடுகிறது. மீதி 400. அதாவது, நம் 30 பேரில் 14 பேருக்குத்தான் ஊரில் வேலை இருக்கிறது. மற்ற 16 பேர் வந்தால் ஏற்கெனவே தைப்பவர்களின் வேலையைப் பிடுங்குவார்கள், அல்லது கூலியை 130-இலிருந்து 90-க்கு இறக்குவார்கள். இரண்டுமே அந்த ஊரின் மொத்த வருமானத்தைக் கூட்டாது. பதினைந்து பழைய தையல்காரர்களில் பலர் பெண்கள், அவர்களிலும் விதவைகள் உண்டு என்பதை நிதி கொடுப்பவர் அறியமாட்டார், எழுதுபவர் அறிவார்.

இந்தக் கணக்குக்கு ஒரு வாரம் போதும். எட்டு ஊர்களிலும் தையல் எந்திரம் வைத்திருப்பவர்களை எண்ணி, நேற்று வரை கையில் எத்தனை ஆர்டர் என்று கேட்டு, அறுபது வீடுகளில் கடந்த ஆண்டு எத்தனை தைத்தீர்கள், எங்கே கொடுத்தீர்கள் என்று விசாரித்தால் வந்துவிடும். டவுனில் தைக்கக் கொடுக்கும் குடும்பங்கள் ஏன் அங்கே போகின்றன என்பதற்கான விடையும் கூடவே வரும். பெரும்பாலும் லைனிங் ரவிக்கை, பேட்டர்ன் கழுத்து, சொன்ன தேதியில் கொடுப்பது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். அப்படியானால் பாடத்திட்டத்தில் அது இருக்க வேண்டும். பாவாடை, பனியன், குழந்தைச் சட்டை என்று பழைய டிப்ளமா பாடத்தின் வரிசையைப் பின்பற்றுவதில் பொருளில்லை.

மிச்சமுள்ள 16 பேருக்கு வேறு சந்தை வேண்டும். பக்கத்து நகரத்தில் உள்பாவாடை, நைட்டி, துணிப்பை தைக்கக் கொடுக்கும் மொத்த வியாபாரிகள் இருப்பார்கள். உள்பாவாடை ஒன்றுக்கு 12 ரூபாய் கூலி என்றால், 3,000 ரூபாய்க்கு மாதம் 250 தைக்க வேண்டும். இருபத்தைந்து நாளில் தினம் பத்து. 16 பேருக்கு மாதம் 4,000 துண்டுகள். ஆக, முன்மொழிவுடன் இணைக்க வேண்டிய கடிதம் ‘இந்த உன்னத முயற்சிக்கு எங்கள் ஆதரவு’ என்ற வகைக் கடிதமாக இருக்கக் கூடாது. ‘தரம் சரியாக இருந்தால் மாதம் 4,000 துண்டு வரை, துண்டுக்கு 12 ரூபாய் கூலியில், துணியும் நூலும் நாங்களே கொடுத்துத் தைத்து வாங்கிக்கொள்வோம், பதினைந்து நாளுக்கொரு முறை பணம் கொடுப்போம்’ என்று கடையின் முத்திரையோடு ஒரு பக்கம் வேண்டும். அப்படிக் கடிதம் கொடுக்க யாரும் முன்வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். இலக்கை 14-ஆகக் குறைத்து, பயிற்சியையும் ஒரே அணியாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

சந்தை இரண்டாகப் பிரிந்தால் பயிற்சியும் பிரியும். ரவிக்கை தைப்பவருக்கு அளவெடுப்பதும் வெட்டுவதும் உயிர். வாடிக்கையாளரிடம் பேசத் தெரிய வேண்டும், பாக்கி வசூலிக்கத் தெரிய வேண்டும். உள்பாவாடை தைப்பவருக்கு வெட்டும் வேலையே கிடையாது. வேகமும், கோணாத தையலும், நூறாவது துண்டும் முதல் துண்டைப் போலவே இருப்பதும்தான் தேவை. முதல் மாதம் எல்லோருக்கும் பொதுவாக நடத்திவிட்டு, அடுத்த இரண்டு மாதங்களைத் தனித்தனியாக வகுக்கலாம். பாடத்திட்டம் என்ற தலைப்பின் கீழ் இப்படி ஒரு காரணத்தோடு எழுதப்பட்ட பகுதியைப் பார்த்தாலே, எழுதியவர் ஊரில் கால் வைத்தவர் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஆடியில் தொடங்கி ஐப்பசியில் அளந்தால்

அளவீட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மிகச் சாதாரணமான மோசடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மோசடி என்பதுகூடக் கடுமையான சொல், பெரும்பாலும் தெரியாமல்தான் நடக்கிறது. தையலுக்குப் பருவம் உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லை, வேலை இல்லை. ஐப்பசியில் தீபாவளி, மூன்று வாரத்துக்கு முன்பே ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். தையில் பொங்கலும் முகூர்த்தமும். மார்கழி மறுபடி மந்தம். அடிப்படைக் கணக்கெடுப்பை ஆடியில் செய்து இறுதிக் கணக்கெடுப்பை ஐப்பசியில் செய்தால், எந்தத் திட்டமும் அமோக வெற்றிதான். திட்டமே இல்லாவிட்டாலும் வெற்றிதான். எனவே இரண்டையும் ஒரே மாதத்தில் செய்வோம் என்று முன்மொழிவில் எழுத வேண்டும். மூன்று மாதச் சராசரிக்கும் இரண்டு முறையும் அதே மூன்று மாதங்கள்.

‘மாத வருமானம் எவ்வளவு?’ என்று கேட்டால் கிராமத்தில் கிடைக்கும் பதில் பயன்படாது. உதவித்தொகை போய்விடுமோ என்று சிலர் குறைத்துச் சொல்வார்கள்; பலருக்கு மாத வருமானம் என்ற ஒன்றே கிடையாது. கடந்த முப்பது நாளில் களை எடுக்க எத்தனை நாள் போனீர்கள், கூலி எவ்வளவு, ஊரக வேலைத் திட்டத்தில் எத்தனை நாள், பால் ஊற்றினீர்களா, ஆடு விற்றீர்களா என்று வகை வகையாகக் கேட்டு, கேட்பவர்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். இது இன்னொன்றுக்கும் உதவும். தையலில் 3,000 ரூபாய் வந்து, களை எடுக்கப் போகாததால் 2,000 ரூபாய் குறைந்திருந்தால், அந்தப் பெண்ணின் வருமானம் கூடியது 1,000 ரூபாய்தான். வெயிலில் குனிந்து வேலை செய்யாமல் இருப்பது மதிப்புள்ளது என்பதை மறுக்கவில்லை. அதைத் தனியே எழுதுங்கள். 3,000 ரூபாய் கூடியது என்று எழுதாதீர்கள்.

பயிற்சி முடிந்த பிறகு சான்று எது? ஆர்டர் நோட்டு. தேதி, யாருடைய துணி, என்ன உருப்படி, வாங்கிய பணம், பாக்கி என்று ஐந்து கட்டங்கள். இதைப் பயிற்சியின் இரண்டாம் வாரத்திலிருந்தே எழுதப் பழக்கினால்தான் ஓராண்டு கழித்தும் எழுதுவார்கள். நோட்டு பொய்யா மெய்யா என்பதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். எல்லா வரிகளும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது நேற்று ராத்திரி எழுதியது. பாக்கிக் கட்டம் முழுக்கக் காலியாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். கிராமத்தில் பாக்கி இல்லாமல் தைத்த தையல்காரரை நான் பார்த்ததில்லை. எந்திரத்தின் மேல் பூத்துணி விரித்து, அதன் மேல் தொலைக்காட்சி ரிமோட்டும் மாத்திரை டப்பாவும் இருந்தால் நோட்டைத் திறக்கவே வேண்டியதில்லை. ஆகவே, திட்டத்தில் சம்பந்தமில்லாத ஒருவர் 60 பேரில் பத்து வீட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்ப்பார் என்று முன்மொழிவிலேயே எழுதி, அதற்கான பணத்தையும் கேட்க வேண்டும்.

பயிற்சி இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியதைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி, விண்ணப்பம் போட்டு இடம் கிடைக்காதவர்களையும் அளப்பது. 110 பேர் விண்ணப்பித்து 60 இடம்தான் என்றால், தகுதி பார்த்த பிறகு ஊர் நடுவில் வைத்துக் குலுக்கிப் போடலாம். தலைவரின் உறவினர், உறுப்பினரின் மருமகள் என்ற சிபாரிசுத் தொல்லையும் அதோடு ஒழியும். மீதி 50 பேரிடமும் அதே மாதங்களில் அதே கேள்விகளைக் கேட்கிறோம். இடம் கிடைத்தவர்களில் 30 பேரும், கிடைக்காதவர்களில் 5 பேரும் இலக்கை எட்டியிருந்தால், முதல் குழுவில் பாதி, இரண்டாவதில் பத்தில் ஒன்று. வித்தியாசம்தான் திட்டத்தின் சாதனை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஆய்விதழ் ஏற்கும் துல்லியம் வராது. ஆனால், ஒப்பிட ஆளே இல்லாத அறிக்கையைவிட இது எத்தனையோ மேல். இடம் கிடைக்காதவர்களுக்கு அடுத்த அணியில் முதலிடம் என்ற வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். வெறுமனே கேட்டுவிட்டுப் போவது முறையில்லை.

‘தன்னம்பிக்கை வளரும்’ என்ற வரி பற்றி ஒரு வார்த்தை. அதை எழுதாமல் இருப்பதே நல்லது, அளக்க வழி வைத்திருந்தாலொழிய. பணம் யாருடைய வங்கிக் கணக்கில் விழுகிறது, எந்திரம் யார் பெயரில் இருக்கிறது, கடந்த மாதம் அந்தப் பணத்தில் வாங்கியதை யார் முடிவு செய்தார்கள் என்று மூன்று கேள்விகள் போதும். முதல் கேள்வி சின்ன விஷயமல்ல. மத்தியப் பிரதேசத்தில் ஊரக வேலைத் திட்டக் கூலியைப் பெண்களின் சொந்தக் கணக்கிலேயே செலுத்தி, கணக்கைக் கையாளவும் சொல்லிக்கொடுத்தபோது, அவர்கள் வேலைக்குப் போவது கூடியது என்று ரோகிணி பாண்டே உள்ளிட்டோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

பணம் எங்கே நிற்கிறது?

வரவுசெலவுப் பக்கத்துக்கு வருவோம். வழக்கமான திட்டத்தில் பணம் சான்றிதழ் விழாவோடு நின்றுவிடும். நம் கற்பனைத் திட்டத்தில் பயிற்சியாளர் சம்பளம், எந்திரங்கள், துணி, நூல், வாடகை, நிர்வாகம் எல்லாம் சேர்த்து 5,20,000 ரூபாய். ஆளுக்கு 8,700 ரூபாய்க்குள் வருகிறது. பார்க்க அழகான எண். இதோடு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு 48,000, பதினெட்டு மாதமும் வீடு வீடாகப் போய் ஆர்டர் நோட்டைப் பார்த்து, வியாபாரியிடம் பேசி, எந்திரக் கடனுக்கு மகளிர் குழுவோடு வங்கிக்குப் போகும் ஒரு களப்பணியாளருக்கு மாதம் 14,000 வீதம் 2,52,000, கணக்கெடுப்புக்கும் வெளியார் சரிபார்ப்புக்கும் 60,000 சேர்த்தால் மொத்தம் 8,80,000. ஆளுக்கு ஏறத்தாழ 14,700. உடனே கேள்வி வரும்: பக்கத்துத் தொண்டு நிறுவனம் 8,700-க்குச் செய்கிறதே?

பதில், வகுக்கும் எண்ணை மாற்றுவதுதான். தொடர் உதவி உள்ள திட்டத்தில் 30 பேர் இலக்கை எட்டினால், எட்டிய ஒருவருக்கு ஆன செலவு சுமார் 29,300 ரூபாய். தொடர் உதவி இல்லாத திட்டத்தில் 12 பேர் எட்டினால், ஒருவருக்கு 43,300. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. 12 என்பது என் அனுமானம். 17 பேர் எட்டினால் இரண்டு செலவும் அநேகமாகச் சமமாகிவிடும், 18-ஐத் தொட்டாலே மலிவான திட்டம் வெல்லும். அந்த எல்லையையும் முன்மொழிவில் சொல்லிவிடலாம். சொல்லும் துணிவு உள்ளவரை நம்பாமல் யாரை நம்புவது?

தவணைகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. அளவிடக்கூடிய பலன் என்றதும், ‘அப்படியானால் 30 பேர் எட்டிய பிறகே கடைசித் தவணை’ என்று நிதி கொடுப்பவர் சொல்லக்கூடும். சிறிய அமைப்பு இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. 2021-இல் தொடங்கிய ஸ்கில் இந்தியா தாக்கப் பத்திரம் சான்றிதழோடு நின்றுவிடாமல், வேலையில் சேர்ந்து மூன்று மாதம் நீடித்தார்களா என்பதையும் பார்த்துப் பணம் தந்தது. பாராட்டத்தக்க மாற்றம். அங்கே முன்பணம் போட்டு இழப்பு அபாயத்தைச் சுமக்க முன்வந்தவர்கள் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகமும் ஒரு பெரிய அறக்கட்டளையும். பயிற்சி கொடுத்தவர்களின் தலையில் அது கட்டப்படவில்லை. களப்பணியாளருக்கு அடுத்த மாதச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாத அமைப்பின் தலையில் கட்டினால், ஆர்டர் நோட்டுகள் எல்லாம் ஒரே ராத்திரியில் ஒரே பேனாவில் நிரம்பும். கடைசித் தவணையை, எண் எதுவாக இருந்தாலும், வெளியாரால் சரிபார்க்கப்பட்ட அறிக்கை வந்து சேர்வதோடு இணைக்கலாம். 30-க்குப் பதில் 19 பேர்தான் எட்டினார்கள் என்ற உண்மையான அறிக்கைக்கும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் உண்மையான அறிக்கை வரும்.

‘அனுமானங்கள்’ என்ற பகுதியைப் பெரும்பாலோர் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்: இயற்கைப் பேரிடர் வராது, அரசு ஒத்துழைக்கும். மொத்த வியாபாரி மூன்று மாதத்தில் கைவிட்டால் என்ன செய்வோம்? 60 பேரில் எத்தனை பேர் வீட்டில் ஏற்கெனவே எந்திரம் இருக்கிறது, மற்றவர்களுக்குக் கடன் கிடைக்காவிட்டால் பயிற்சி மையத்து எந்திரங்களை மாலையில் வாடகைக்கு விடலாமா? உண்மையான அனுமானங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் எந்த மாதம் எதைப் பார்த்து மாற்று வழிக்குப் போவோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நிதி கொடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ‘பயனாளிகள் எண்ணிக்கை’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘பன்னிரண்டாம் மாதத்தில் எத்தனை பேர், என்ன நிலையில், எந்தச் சான்றின்படி’ என்ற கட்டத்தைச் சேருங்கள். அதைக் கண்டுபிடிக்க ஆகும் செலவை நிர்வாகச் செலவு என்று வெட்டாமல், திட்டச் செலவாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். படிவம் மாறாதவரை முன்மொழிவுகளும் மாறப்போவதில்லை.